அஞ்சு ஸ்ரீயின் வைப்பர்

கிழக்கிலங்கைச் சாய்ந்தமருதில் எண்பதுகளின் தொடக்கத்தில் கல்யாணம் முடித்த ஆண்களிடம், பெண் வீட்டுக்கு எந்தக் காரில் போனீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பாதிப்பேர் யோசிக்காமல் "அஞ்சு ஸ்ரீ" என்பார்கள். அந்தக்கால நம்பர் தகட்டில் '5 ஸ்ரீ' என்று தொடங்கும் கார் என்பதால் அந்தப் பெயர். அதன் சாரதியும் சொந்தக்காரரும் மீராமுகைதீன்தான். மெலிந்த மனிதர், வெள்ளைச் சாரன், வாயில் எப்போதும் ஒரு ஏலக்காய். ஹோர்ன் அடிப்பதில் மட்டும் கொஞ்சம் கஞ்சன்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். ஆண்பிள்ளையைப் பெற்றவர்கள் அன்றைக்குப் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்ப வேண்டும். இருபது வருடமாக ஊரார் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டவர் மீராமுகைதீன். தன் ஒரே மகன் மசூருக்குச் சம்மாந்துறையில் பெண் பேசி முடிந்த அன்றே அவர் ஒரு விஷயத்தில் முடிவாக இருந்தார். மகனை வேறு எவனும் ஏற்றிப் போகக்கூடாது, தானே கொண்டுபோய் விடவேண்டும். மனைவி ஸாலிஹாவின் தம்பி சரீப் அப்போதுதான் புதுக் கார் ஒன்று எடுத்திருந்தான். "மச்சான், மாப்புளக்கி என்ட காரத் தாறன்" என்றான். மீராமுகைதீன் ஏலக்காயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

பதிலைச் செய்து காட்டினார். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கையில் காரை வீட்டு வளவுக்குள் தள்ளி, தன் கையாலேயே பெயின்ட் அடிக்கத் தொடங்கினார். வெண்ணெய் நிறம். வெளியில் அடித்தால் போதாதா? பொனட்டைத் திறந்து, உள்ளே கண்ணாடிக்குக் கீழே நிற்கும் தகரச் சுவரில் இருந்த வைப்பர் மோட்டரைக் கூடக் கழற்றி வைத்துவிட்டு, மூலை முடுக்கெல்லாம் அடித்தார். மோட்டர் இருக்கிற இரும்புத் தாங்கிக்கும் இரண்டு பூச்சு.

"பொனட்டுக்குள்ள ஆரு பாக்கப் போறா?" என்று ஸாலிஹா கேட்டாள்.

"என்ட மகன் போற கார், கா. நான் பாப்பன்" என்றார். மனைவியை அவர் 'கா' என்றுதான் கூப்பிடுவார்.

கல்யாண நாள் விடிந்தபோது ஐப்பசி மழையும் கூடவே வந்தது, அந்த வருடத்து முதல் பெருமழை. மீராமுகைதீன் காரில் ஏறி வைப்பர் சுவிச்சைத் தட்டினார். வைப்பர் கைகள் இரண்டும் நோயாளி எழும்புவதுபோல மெல்ல மெல்ல எழும்பின. நடுக் கண்ணாடிக்கு வந்ததும் சாரதியின் முகத்துக்கு நேரே நின்றுவிட்டன. தட்டினார், அணைத்தார், மறுபடி தட்டினார். ம்ஹும். அணைத்தால் கீழே போய்ப் படுக்க வேண்டியவை, படுக்கவும் மாட்டோம் என்று நின்றன.

மாலை அஸர் தொழுகை முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டைவிட்டு இறங்க வேண்டும். சம்மாந்துறைப் பாதையில் இரண்டு பக்கமும் வயல், எருமை மாடு, எதிரே நெல் லொறி. அந்த மழையில் கண்ணாடி வழியே பாதை தெரியாமல் மகனை ஏற்றிப் போக எந்தத் தகப்பனுக்குத் துணிவு வரும்?

கல்முனைக்கு ஆள் அனுப்பினார். கார் மின்வேலை செய்கிற ஷரிபுதீன் சைக்கிளில் குடையோடு வந்து சேர்ந்தான். கெட்டிக்காரன், ஆனால் வாய் ஓயாது. மீராமுகைதீனை அண்ணன் முறையில் காக்கா என்பான்.

"காக்கா, மோட்டருக்கு வயசு போயிட்டு. காபன் தேஞ்சிருக்கும்" என்று பார்ப்பதற்கு முன்னமே சொன்னான்.

மோட்டரைக் கழற்றி விறாந்தையில் சாக்கு விரித்துப் பிரித்தான். மோட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் காபன் கட்டை இரண்டும் பாதிக்குமேல் தேயாமல் இருந்தன. பல்சக்கரப் பெட்டியில் கிரீஸ் காய்ந்து கிடந்தது, துடைத்துப் புதுசு வைத்தான். மூடிக்குள் இருந்த செப்புத் தகட்டைக் காட்டினான். "இதாலதான் அது வீட்டப் போய்ப் படுக்கிற. சுவிச்ச நிப்பாட்டினாலும் இந்தத் தகட்டால கரண்ட் போய்க்கிட்டே இரிக்கும். கை கீழ வந்தாத்தான் இது அறுத்து விடும்" என்றான். அந்தத் தகட்டையும் அரத்தாளால் மினுக்கினான். பிறகு பட்டரியைக் கொண்டுவந்து தரையில் வைத்து, வயர்களைத் தொடுத்தான். மோட்டர் கும்மென்று ஓடியது. சுவிச் வயரை எடுத்தால் ஒழுங்காக ஒரே இடத்தில் வந்து நின்றது. பத்துத் தரம் செய்தான், பத்துத் தரமும் அப்படியே.

"பாத்தீங்களா!" என்றான். மீராமுகைதீன் அல்ஹம்துலில்லாஹ் சொன்னார்.

காரில் பூட்டினார்கள். கைகள் எழும்பின. நடுக் கண்ணாடியில் நின்றன.

ஷரிபுதீன் விடவில்லை. மறுபடி கழற்றினான், தரையில் ஓடியது. பூட்டினான், நின்றது. நடுப்பகல் ழுஹர் பாங்கு சொல்லி முடிந்து வெகுநேரம் ஆகிவிட்டது. சரீப் தன் காரைக் கொண்டுவந்து வாசல் படலையடியில் நிறுத்தி, அதன் பொனட்டில் பூமாலையும் கட்டத் தொடங்கிவிட்டான். நல்ல எண்ணத்தில்தான் கட்டினான், ஆனால் மீராமுகைதீனுக்கு அந்தப் பக்கம் பார்க்கவே முடியவில்லை. மழையில் நனைந்தபடி பொனட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார். அழுதாரா என்று தெரியாது. மழையாக இருந்ததால் அவர் மானம் தப்பியது.

தேத்தண்ணி கொண்டுவந்த ஸாலிஹா கொஞ்சநேரம் நின்று பார்த்தாள்.

"இஞ்ச பாருங்க. வெளியில ஓடுது, உள்ளுக்குப் பூட்டினா ஓடல்ல. அப்ப மோட்டருக்கு வருத்தமில்ல. பூட்டுற இடத்துக்குத்தான் வருத்தம்."

"பொம்புள வேலயா இது? உள்ளுக்குப் போ" என்று சீறினார் மீராமுகைதீன்.

அவள் போகவில்லை. "நீங்க பெயின்ட் அடிக்கக்குள்ளயே சொன்னன்தானே, அதுக்குள்ள ஆரு பாக்கப் போறா எண்டு."

ஷரிபுதீன் தேத்தண்ணிக் கோப்பையைப் பொத்தென்று கீழே வைத்தான். ஒரு துண்டு வயரை எடுத்து, ஒரு நுனியைப் பட்டரியின் கழித்தல் முனையிலும் மறு நுனியை மோட்டரின் உடம்பிலும் அழுத்திப் பிடித்தான். "காக்கா, சுவிச்சப் போடுங்க!"

வைப்பர் இரண்டும் சடசடவென்று மழையை வழித்தெறிந்தன.

"அல்லாஹ்வே! எர்த் இல்ல காக்கா! கரண்ட் திரும்பிப் போக வழியில்ல! மோட்டருக்கு எர்த் போறது தாங்கியால, காரிட உடம்பால. நீங்க ரெண்டு பூச்சு அடிச்சி அதுக்கு வாயக் கட்டிப் போட்டீங்க. பூட்டுற ஆணிட புரியால கொஞ்சம் கசிஞ்ச கரண்டிலதான் பாதி வழி வந்திரிக்கி. வெளியில நான் வயர மோட்டரிட உடம்பிலயே தொடுத்தன், அதான் ஓடின."

மீராமுகைதீன் கையை நீட்டினார். ஷரிபுதீனிடம் கத்தி ஒன்றை வாங்கினார். பத்து நாளைக்கு முன் மகனுக்காக ஆசை ஆசையாய் அடித்த பெயின்டை, தாங்கியிலும் தகரச் சுவரிலும் தன் கையாலேயே சுரண்டினார். வெறும் இரும்பு தெரியும்வரை சுரண்டி, அரத்தாள் போட்டுத் தேய்த்து, ஆணிகளையும் துடைத்துப் பூட்டி இறுக்கினார். சுவிச்சைத் தட்டினார். ஓடியது. அணைத்தார். கைகள் இறங்கி, கண்ணாடியின் அடியில் பக்குவமாய்ப் படுத்தன.

சரீப் சொல்லாமலே மாலையை அவிழ்த்துக்கொண்டு வந்து அஞ்சு ஸ்ரீயில் கட்டினான்.

அஸருக்குப் பிறகு மசூர் தகப்பனுக்குப் பக்கத்திலேயே ஏறினான். ஸாலிஹா வாசலோடு நின்றுகொண்டாள். காரைதீவுச் சந்தியில் திரும்பி வயல்வெளிக்குள் இறங்கியபோது மழை கொட்டித் தள்ளியது. வைப்பர் ஒரு வீச்சுக்கூடத் தவறவில்லை. சாதாரண நாளில் கால்மணி நேரத்துப் பாதையை அன்றைக்கு அவர் அரைமணி நேரம் ஓட்டினார். மழை என்று சொல்லிக்கொண்டார். பெண் வீட்டு வாசலில் மசூர் இறங்கி, "வாப்பா, கவனமாப் போங்க" என்றான். அதுவரை இந்த வார்த்தையை மகனுக்குச் சொல்லி வந்தவர் அவர்தான்.

பொழுது சாய்ந்து, மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னே கார் தனியே வளவுக்குள் வந்து நின்றது. ஸாலிஹா ஓடி வந்தாள். காய்ந்த கண்ணாடியில் வைப்பர் கீச்சுக் கீச்சென்று இழுபட்டுக்கொண்டிருந்தது.

"மழ விட்டு எவ்வளவு நேரம்! இன்னும் இத ஓட விட்டுக்கிட்டு வாறீங்களே?"

மீராமுகைதீன் அப்போதுதான் கண்டார். சுவிச்சை அணைத்தார். இரண்டு கைகளும் இறங்கித் தங்கள் இடத்தில் படுப்பதை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இதாவது வீட்ட வந்துட்டு கா" என்றார்.