குழந்தையின் காலைப் பிடித்தவர்

"வியாழன். அங்கன்வாடி. பென்டா இரண்டாவது, இடது தொடை. தாய் பால் கொடுத்தபடியே. காலைப் பிடித்தது நான்."

என் டைரியில் அந்த நாளுக்கு நேரே இவ்வளவுதான் இருக்கிறது. கடைசி வாக்கியத்தை ஏன் எழுதினேன் என்று வேறு யாராவது படித்தால் புரியாது. ஊசி போட்ட நாள், எந்த ஊசி, எத்தனையாவது தவணை, எந்தப் பக்கம் என்பதற்கெல்லாம் தாயி கார்டில் கட்டம் உண்டு. கர்ப்பத்தில் தொடங்கிக் குழந்தையின் தடுப்பூசி வரை எல்லாம் ஏறும் அட்டை அது. போடும்போது யார் பிடித்தார்கள் என்பதற்கு அதில் கட்டம் கிடையாது. அன்றுவரை அப்படி ஒரு கட்டம் தேவைப்படும் என்று எனக்கும் தோன்றியதில்லை.

பழைய வரலாற்றுப் புத்தகங்களைப் படித்துப் படித்து வந்த பழக்கம் எனக்கு: அன்றைய சங்கதியை அன்றே எழுதிவிடுவேன். கண்ணால் பார்த்ததற்குக் கீழே ஒரு கோடு போடுவேன். பிறர் சொல்லிக் கேட்டதற்குப் பக்கத்தில் "கேட்டது" என்று குறிப்பேன். இங்கே எழுதப்போவதில் இரண்டும் உண்டு. எது எது என்று சொல்லிக்கொண்டே போகிறேன்.

ஈஜிபுராவில் ஒரு சந்துக்குள் இருந்தது அந்த அங்கன்வாடி. வியாழக்கிழமைகளில் நர்ஸான நானும், அந்தப் பகுதியின் சுகாதாரப் பணியாளரான ஆஷா அக்காவும் அங்கே தடுப்பூசி போட உட்காருவோம். வீடு வீடாகப் போய்த் தாய்மார்களைக் கூட்டிவருவது அக்காவின் வேலை. அவர் பேச்சு தமிழில் தொடங்கும், நடுவில் கன்னடம் ஏறும், யாரைப் பார்க்கிறாரோ அவர்கள் பாஷையில் முடியும்.

அன்று அக்கா கூட்டிவந்த பெண்ணுக்குக் கையில் பத்து வாரத்து ஆண் குழந்தை. பின்னாலேயே அவளுடைய நாத்தனார் வந்தாள். உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றுகொண்டாள்.

அட்டையைப் பார்த்தேன். ஆறாவது வாரத்தில் போட வேண்டியது எல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்தது. பத்தாவது வாரத்தில் வாயில் இரண்டு சொட்டு மருந்துகள், ஊசி ஒன்றே ஒன்று. தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி முதலிய ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடுகிற பென்டா ஊசி. இடது தொடை. சுலபமான வருகை என்று நினைத்துக்கொண்டேன்.

சொட்டு மருந்துகள் முதலில். வலிக்கிறதைக் கடைசியில் வைத்துக்கொள்வதுதான் முறை. போலியோ, வயிற்றுப்போக்குக்கான ரோட்டா இரண்டையும் குழந்தை சப்புக் கொட்டி விழுங்கியது. "மடியில வெச்சுக்கம்மா. கால லேசா புடிச்சுக்கோ" என்றேன்.

அவள் குழந்தையைக் கொண்டுபோய் பெஞ்சின் மேல் கிடத்தினாள். இரண்டடி தள்ளி நின்று கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நான் புடிக்க மாட்டேன் சிஸ்டர். போன தடவ அவரு புடிச்சாரு. இன்னிக்கி அவருக்கு டூட்டி, லீவு குடுக்கல." கணவனுக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் செக்யூரிட்டி வேலை.

"பேகா, சீக்கிரம் வாம்மா, பின்னாடி எத்தினி பேரு நிக்கிறாங்க பாரு" என்றார் அக்கா. "பெத்தவ புடிக்காம கார்ப்பரேட்டரா வந்து புடிப்பாரு?"

வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. வாசலிலிருந்து நாத்தனார் சொன்னாள்: "அவ புடிக்கட்டும் சிஸ்டர். புடிச்சுக் குடுக்கறது அவளுக்குப் பழக்கம்தானே."

சொல்லிக்கொண்டே போனைத் தூக்கி வீடியோ எடுக்க ஆரம்பித்தாள்.

"உள்ள பால் குடுக்கறவங்க இருக்காங்க. போனை வைம்மா" என்றேன்.

"அம்மாவுக்கு அனுப்பணும். யாரு புடிச்சாங்கன்னு தெரியணும்ல."

அக்கா எழுந்துபோய் அவள் கையைத் தாழ்த்தி வெளியே அழைத்துப் போனார். குழந்தையின் தாய் அதன் பிறகுதான் காரணத்தைச் சொன்னாள். இது கேட்டது. முதல் குழந்தை பெண். அவளுடைய தாய்வீட்டு ஊரில் ஒரு முகாமில் இதே ஊசி. அவள்தான் மடியில் வைத்துக் காலைப் பிடித்தாள். இரண்டாம் நாள் விடியற்காலையில் பால் கொடுக்க எடுத்தபோது குழந்தை சில்லென்று இருந்தது. யாரோ வந்து விசாரித்தார்கள், எழுதிக்கொண்டு போனார்கள். என்ன முடிவு என்று அவளுக்கு யாரும் வந்து சொல்லவில்லை. மாமியார் மட்டும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். நீதானே புள்ளையப் புடிச்சுக் குடுத்தே.

திருடனைப் பிடித்துக் கொடுப்பார்கள். அதே வார்த்தைகள்தாம். வேலை பழகிய நாளிலிருந்து எத்தனையோ தாய்மாரிடம் "புடிச்சுக் குடும்மா" என்று நானே சொல்லியிருக்கிறேன். அதற்கு அப்படி ஒரு பொருள் இருப்பது அன்றுதான் காதில் விழுந்தது.

"ஊசியால இருக்காது" என்று சொல்லிவிட நாக்கு எழுந்தது. சொல்லவில்லை. அந்த வயதில் குழந்தைகள் இறப்பதற்கு எவ்வளவோ காரணங்கள் உண்டு, இந்த ஊசி கோடிக்கணக்கான குழந்தைகளுக்குப் போடப்படுகிறது என்பது எனக்குத் தெரியும். அந்த ஒரு குழந்தையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நான் பார்க்கவில்லை, அறிக்கையும் என்னிடம் இல்லை. அதையே சொன்னேன். "உன் பொண்ணுக்கு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்ச மாதிரி பேசமாட்டேன். இந்த ஊசி போடலேன்னா இவனுக்கு கக்குவான் வந்தா என்ன ஆகும்னு தெரியும். நான் பாத்திருக்கேன்."

"போடுங்க சிஸ்டர். போட வேணாம்னு சொல்லல. அதுக்குத்தானே வந்தேன்." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "நான் புடிக்க மாட்டேன். அவ்ளோதான்."

பெஞ்சில் கிடத்திப் போடலாம். அக்கா அமுக்கிப் பிடித்தால் நொடியில் முடிந்துவிடும். ஆனால் மல்லாக்கக் கிடத்தி அழுத்திப் பிடிக்கிற குழந்தை அதிகம் பயப்படும். பயந்தால் தொடை விறைக்கும், விறைத்த தசையில் வலி அதிகம். தாயின் உடம்போடு ஒட்டியிருக்கிற குழந்தைதான் அடங்கும். அவள் மடியும் வேண்டும், அவள் கை காலில் படவும் கூடாது.

நாற்காலியைச் சுவர் ஓரம் போட்டேன். "உக்காரு. நீ ஒண்ணும் புடிக்க வேணாம். பால் குடு. இடது பக்கம் குடு."

இடது மார்பில் போட்டால் குழந்தையின் தலை அவளுடைய இடது முழங்கை மடிப்பில் இருக்கும். வயிறு தாயின் வயிற்றைப் பார்த்துத் திரும்பும், கீழே அகப்படும் வலது கை அவள் அக்குளுக்கு அடியில் போய்விடும். இடது தொடை தானாக வெளிப்பக்கம் வரும். எனக்கு வேண்டியது அதுதான். மேலே இருக்கிற இடது கைதான் ஊசியைத் தட்டிவிடும். "அந்தக் குட்டிக் கைய மட்டும் உன் வலது கைக்குள்ள வெச்சுக்கோ. கை கோத்துக்கற மாதிரி. கால் என் பொறுப்பு."

"கால நான் தொடலயே?"

"தொடல."

அவள் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். குழந்தை பற்றிக்கொண்டு குடிக்க ஆரம்பித்தது. நன்றாக இழுத்துக் குடிக்கிற சத்தம் வரும்வரை காத்திருந்தேன். குப்பியை ஆட்டி, அரை மில்லி இழுத்து, முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தேன். வலது காலைக் கீழே ஒதுக்கினேன். இடது முழங்கால் லேசாக மடங்கியே இருக்கட்டும் என்று விட்டேன். கணுக்காலை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. என் உள்ளங்கையின் அடிப்பாகம் முழங்காலுக்கு மேலே படிந்து நின்றது. இடுப்புக்கும் முழங்காலுக்கும் நடுவில், தொடையின் முன்பக்கத்து வெளிப்புறம். புட்டத்தில் போடுவது பழைய தவறு. இந்த வயதில் அங்கே தசை போதாது, நரம்பும் ஓடுகிறது. கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் தோலை விரித்து, நேர் செங்குத்தாக, ஊசி முழுவதும். ரத்தம் வருகிறதா என்று பின்னால் இழுத்துப் பார்ப்பதில்லை. மருந்தை ஏற்றி, நேராக வெளியே எடுத்து, பஞ்சை வைத்து அமுக்கினேன். தேய்க்கவில்லை.

குழந்தை மார்பை விட்டுவிட்டு ஒரு கணம் மூச்சை அடக்கியது. பிறகு வீறிட்டது.

இந்த இடத்தில் தாய்மார்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். அவ்ளோதான் அவ்ளோதான் என்பார்கள். சிஸ்டரை அடிச்சிடலாம் என்பார்கள், என் தோளில் பொய்யாகத் தட்டவும் செய்வார்கள். இவள் குழந்தையின் காதோடு வாயை வைத்துச் சொன்னாள்: "நான் இல்லடா கண்ணு. நான் புடிக்கல. சிஸ்டருதான் புடிச்சாங்க. அம்மா புடிக்கல, அம்மா புடிக்கல."

நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். குழந்தை மறுபடி மார்பைப் பற்றி, விக்கி விக்கிக் குடித்து அடங்கிய பிறகும் சொன்னாள். அது யாருக்குச் சொன்னது என்பதை நான் டைரியில் எழுதவில்லை. பார்த்ததை மட்டும் இங்கே சொல்கிறேன்: அவளுடைய வலது கைக்குள் குழந்தையின் விரல்கள் வெளுத்திருந்தன. கொஞ்சம் தளர்த்தும்மா என்று நான் சொல்ல வேண்டியிருந்தது.

ஊசியை வெட்டிப் போட்டுவிட்டு வாசலுக்குப் போனேன். "கால நான்தான் புடிச்சேன். உங்க அம்மாகிட்ட அப்படியே சொல்லு" என்றேன் நாத்தனாரிடம். "இன்னிக்கோ நாளைக்கோ காய்ச்சல் வரலாம். ஊசி போட்ட இடம் வீங்கலாம். எழுதிக் குடுத்த அளவுக்குப் பாராசிட்டமால் குடுங்க. பால நிறுத்தக் கூடாது. புள்ள குடிக்காம துவண்டு போனாலோ, இழுப்பு வந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. எனக்கும் போன் பண்ணுங்க. கேக்கறதுன்னா என்னைக் கேக்கட்டும்."

"ஏதாச்சும் ஆனா உங்களயா கேப்பாங்க?" என்றாள் அவள். கேலியாகச் சொன்ன மாதிரி இல்லை. "அவளத்தான் கேப்பாங்க."

அரை மணி நேரம் உட்காரவைத்துப் பார்த்தோம். குழந்தை தூங்கிவிட்டது. கிளம்பும்போது அட்டையில் அடுத்த வருகையை எழுதிக் கொடுத்தேன். பதினான்காவது வாரம், ஊசிகள் கூடுதல், இரண்டு தொடையிலும் ஒவ்வொன்று. "அன்னிக்கும் நீங்களே இருப்பீங்களா?" என்றாள். இருப்பேன் என்றேன்.

மறுநாள், பதிவில் இருந்த கணவனின் எண்ணுக்குப் போன் செய்தேன். நாத்தனார்தான் எடுத்தாள். காய்ச்சல் இருந்ததாம், மருந்து கொடுத்தார்களாம், இறங்கிவிட்டதாம். மூன்றாம் நாள் அக்கா வீட்டுக்கே போய்வந்தார். அவர் சொல்லிக் கேட்டது: குழந்தை நன்றாக இருந்தான். தாய்க்குத்தான் கண் உள்ளே போயிருந்தது. இரண்டு ராத்திரியும் அவன் நெஞ்சில் கையை வைத்தபடி உட்கார்ந்தே இருந்தாளாம். மாமியார் எதிரில் பாயில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

பதினான்காவது வாரம் நான் இருந்தேன். அவள் வரவில்லை. அடுத்த வியாழனும் வரவில்லை. அக்கா தேடிப் போனபோது வீடு பூட்டியிருந்தது, ஓனர் வாடகைப் பலகை மாட்டியிருந்தார். அவள் கணவனுக்கு வேலை இடம் பக்கம் என்று சந்தாபுராவுக்குக் குடிபோய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். என்னிடம் இருந்தது கணவனுடைய அந்த ஒரு எண்தான். அழைத்தால் உபயோகத்தில் இல்லை என்று கன்னடத்தில் சொல்கிறது. எனக்குத் தெரிகிற கணினிப் பதிவில் மூன்றாவது தவணை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. வேறு எண்ணில் புதிதாகப் பதிந்திருந்தால் அது என் கண்ணில் படாது.

சில மாதம் கழித்து, அவளை ஏற்கெனவே தெரிந்த அக்காவின் உறவுக்காரப் பெண் ஒருத்தி, சந்தாபுராவில் ஒரு தடுப்பூசி நாளில் அவளைப் பார்த்ததாகச் சொன்னாள். குழந்தையோடு தனியாக வரிசையில் நின்றாளாம். பிறகு வரிசையில் காணவில்லையாம். உள்ளே போனாளா, திரும்பிப் போனாளா என்று அந்தப் பெண் கவனிக்கவில்லை. டைரியில் இதற்குப் பக்கத்தில் "கேட்டது" என்று எழுதியிருக்கிறேன். மூன்றாவது ஊசி போடப்பட்டதா என்பதை இன்றுவரை என்னால் சரிபார்க்க முடியவில்லை.