சேவியருக்குப் போட்ட காப்பி

வெளியூர் போய் லாட்ஜில் தங்கினால் அறையில் ஒரு கெட்டிலும், பக்கத்தில் பொட்டலம் கட்டிய காப்பித்தூளும் வைத்திருக்கிறார்கள். அதைக் கரைத்துக் குடித்துவிட்டுக் காப்பி என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஏதோ பெரிய காப்பி ரசிகன் என்று நினைத்துவிடாதீர்கள். ராமநாதபுரத்தில் ஹாஸ்டலில் இருந்தபோது கெட்டிலை வைத்துக்கொண்டு முதன்முதலாக ஒழுங்காகக் காப்பி போட்ட நாள் ஞாபகம் வந்துவிடும்.

என் அறையில் சேவியர் இருந்தான், கடற்கரை ஊரான அக்காள்மடத்துக்காரன். மீன் பிடிக்கக் கடலுக்குப் போன அவன் அய்யா (அப்பாவை அவன் அப்படித்தான் கூப்பிடுவான்) திரும்பவில்லை. வள்ளம் கவிழ்ந்து கரை ஒதுங்கியது, ஆள் கிடைக்கவில்லை. சில நாள் கழித்து ஹாஸ்டலுக்கு வந்தவன் அழவில்லை, மெஸ் டீயைக்கூடத் தொடவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குப் பயமாக இருந்தது. ஆறுதல் சொல்ல எனக்கு வராது. காப்பியாவது போடுவோம் என்று எழுந்தேன்.

முதலில் குழாய்த் தண்ணீரில் போட்டேன். எங்கள் ஊர் போர்வெல் தண்ணீரில் பருப்பே வேகாது, காப்பி மட்டும் வாய்க்குமா? ஒரே உப்பு. கொட்டிவிட்டுக் கேன் தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். கொதி அடங்கியதும், டம்ளரில் தாராளமாகத் தூளைப் போட்டுக் கால் டம்ளர் வெந்நீர் ஊற்றிக் கலக்கி, தட்டால் மூடினேன். மிதந்த தூள் மெல்ல அடியில் தங்கியது. பாலைக் கெட்டிலில் நேராக ஊற்றினால் அடிப்பிடித்துவிடும். அதனால் இன்னொரு டம்ளரில் பாலை ஊற்றி, கெட்டிலில் மீதமிருந்த தண்ணீருக்குள் நிற்கவைத்து, மறுபடி சுவிட்சைப் போட்டேன். மூடி திறந்திருந்தால் கெட்டில் தானாக அணையாது, பக்கத்திலேயே நின்றேன். பால் சூடானதும் சுவிட்சை அணைத்து, துண்டால் பிடித்துத் தூக்கினேன். துவைத்த கைக்குட்டையில் டிகாக்‌ஷனை வடிகட்டி, பாலும் சீனியும் சேர்த்து ஆற்றினேன். அறையெல்லாம் மணத்தது.

சேவியர் டம்ளரை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னான்:

"எங்கம்மா அடுப்ப அணைக்கவே இல்லடா. அய்யா வந்துருவாருன்னு அவருக்கும் சேத்துத்தான் உலை வைக்குது."

எங்கள் பக்கம் சாவு வீட்டில் அடுப்பு எரியாது. அக்கம்பக்கத்தார்தான் காப்பி போட்டுக் கொண்டுவருவார்கள். அவன் வீட்டு அடுப்பு எரிந்துகொண்டிருந்ததால், காப்பி கொண்டுபோய் அவர் செத்துவிட்டதாகக் காட்டிக்கொள்ள யாருக்கும் துணிவு வரவில்லை. காப்பி போடும்போது எனக்கு இதெல்லாம் தோன்றவே இல்லை.

"மொதக் காப்பி நீதாண்டா கொண்டு வந்துருக்க," என்றான்.

முழுசாகக் குடித்தான். பிறகு, "எங்கய்யா செத்துப் போயிட்டாருடா," என்று சொல்லி அழ ஆரம்பித்தான். அவன் முதுகில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் பெட்டியைக் கட்டினான். "அம்மாட்ட நாந்தான் சொல்லணும். வாரேன்," என்று கிளம்பினான்.

வரவில்லை. படிப்பை விட்டுவிட்டு வள்ளத்தில் போவதாகக் கேள்விப்பட்டேன். அவன் நம்பர் மாறிவிட்டது. ஹாஸ்டலையும் இடித்துவிட்டார்கள். அம்மாவிடம் அவன் எப்படிச் சொன்னான், அந்த அடுப்பு எந்த நாளில் அணைந்தது என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.