ரூபாய் இறங்கினால் யாருக்கு லாபம்

எண்பதுகளின் தொடக்கத்தில், கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மிளகு ஏற்றுமதி ஆபீசில் தினமும் காலையில் வங்கிக்குப் போன் போட்டு டாலர் விலை கேட்டு, வாசல் சிலேட்டில் எழுதுவது என் வேலை. அதனால்தான் பள்ளிக்கூடத்துப் பொருளாதார மன்றத்தில் பேச என்னைக் கூப்பிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. முதலாளியும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். வகுப்பறை மின்விசிறிகள் அவர் கொடுத்தவை.

அந்த வருஷம் ஓணத்துக்குக் கிடங்கில் மிளகு புடைக்கும் பெண்களுக்கு அவர் போனஸ் கொடுக்கவில்லை. "ரூபாய் எறங்கிப்போச்சு, நமக்குப் பெரிய நஷ்டம்" என்றார். பச்சைப் பொய். எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

பேச்சில் மட்டும் குறை வைக்கவில்லை. நம் ரூபாயைப் பல நாட்டுப் பணங்கள் அடங்கிய ஒரு கூடையோடு கட்டியிருக்கிறார்கள், கூடையில் எது எவ்வளவு என்று சொல்லமாட்டார்கள் என்றேன். அதைப் பார்த்து மத்திய வங்கி பவுண்டுக்கு விலை வைக்கிறது. லண்டனில் பவுண்டுக்கு எத்தனை டாலர் என்பதை வைத்து நம் வங்கி டாலர் விலையைக் கணக்கிடுகிறது. லண்டன் அசைந்தால் மறுநாள் என் சிலேட்டும் அசையும் என்றேன். உதாரணம் கேட்டார் ஆசிரியை. முட்டாள்தனமாக மிளகையே சொன்னேன்.

"நூறு டாலருக்கு மிளகு விற்கிறோம். டாலர் ஒன்பது ரூபாயாக இருந்தால் தொள்ளாயிரம். ரூபாய் இறங்கி டாலர் பத்தானால் ஆயிரம்."

கடைசி பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். எங்கள் கிடங்கில் வேலை செய்யும் தமிழ்க்காரியின் மகள்.

"ஸாரே, ரூபாய் எறங்கினா மொதலாளிக்குக் கூடுதல்தானே கிட்டும்? பின்ன எங்க அம்மைக்கு ஓணத்துக்கு போனஸ் இல்லேன்னது எதுக்கு?"

முதலாளி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். வரப்போகும் டாலருக்கு வங்கியோடு முன்கூட்டியே விலை பேசி வைத்திருந்தால் அந்த லாபம் வந்திருக்காது என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் அந்த வருஷம் அவர் ஒரு டாலரைக்கூட அப்படிப் பேசி வைக்கவில்லை. வங்கிக்குக் கடிதம் எழுதுகிறவன் நானே.

"அது கம்பெனி காரியம் மோளே. பாடத்துல உள்ளத மட்டும் கேளு" என்றேன்.

"பாடத்துல உள்ளதுதான் ஸாரே கேட்டேன்."

உட்கார்ந்துவிட்டாள். ஆசிரியை அவசரமாகக் கைதட்டினாள், எல்லோரும் தட்டினார்கள். திரும்பும் வழியில் முதலாளி காரில் என் தோளைத் தட்டி, "நல்லா சமாளிச்சே" என்றார். அந்தக் கையைத் தள்ளிவிடக்கூட எனக்குத் துப்பில்லை.

மறுநாள் காலை சிலேட்டில் விலை எழுதிக்கொண்டிருந்தேன். அவளுடைய அம்மா முறத்தோடு வந்து நின்றாள். அத்தனை வருஷத்தில் அவள் அந்தச் சிலேட்டைப் பார்த்ததே இல்லை.

"இன்னிக்கு ரூபாய் ஏறியிருக்கா, எறங்கியிருக்கா அண்ணே?"

"எறங்கியிருக்கு."

"அப்போ இன்னிக்கும் நமக்கு நஷ்டம்தான், இல்லையா?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டு, புடைக்கப் போனாள்.