கஞ்சக்காவின் நாலு ஜிபி

கோழிக்குஞ்சு பொரிப்பகத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் கஞ்சக்கா. சம்பளத்தில் அல்ல, இடத்தில் கஞ்சம். மூன்று முட்டை அறைகளின் சூட்டையும் கவனித்து, எல்லை தாண்டினால் சைரன் அடிக்கச் செய்யும் உள்ளங்கை அகலக் கணினி அவள் பொறுப்பில் இருந்தது. அதன் வயிற்றில் இருந்ததோ பழைய கைபேசியிலிருந்து கழற்றிய நாலு ஜிபி கார்டு. அதில் பாதிகூட நிரம்பாமல் ஐந்து வருடம் ஓட்டியிருந்தாள்.

எப்படி என்று கேட்டால் மூக்கைச் சுளித்துக்கொண்டுதான் சொல்வாள். "எதையாவது போடச் சொன்னா அது ஒரு லிஸ்ட் காட்டும். இத்தனை எம்பி புடிக்கும், சம்மதம்னா ஒய் எழுத்தை அடின்னு சொல்லும். அதைப் படிக்கிறதுக்கு எவனுக்கு நேரம்? எல்லாவனும் ஒய்தான்!" ஒரு மென்பொருள் பொதிக்கு அவசியமானவை வேறு, இருந்தால் நல்லது என்று அது தானே சிபாரிசு செய்பவை வேறு. சிபாரிசுக்காரர்களை உள்ளே விடாதே என்று ஒவ்வொரு முறையும் சேர்த்தே கட்டளை அடிப்பாள். ஒருத்தரைச் சாப்பிடக் கூப்பிட்டால் அவருடைய மச்சினன், மச்சினனின் பெரியப்பா, பெரியப்பாவின் டிரைவர் என்று வேனில் வந்து இறங்குவதை அவள் வீட்டிலேயே பார்த்தவள். போட்டு முடித்ததும் இறக்கிவந்த பொதிகளைத் துடைத்துவிடுவாள். திரைக்கான படாடோபம் எதுவும் கிடையாது. அளவுகளை ஒரு சின்னப் பக்கமாகக் காட்டும் குட்டிப் பொதி ஒன்று, சூட்டைப் பார்த்து சைரன் அடிக்க அவள் எழுதிய முப்பது வரி நிரல் ஒன்று, அவ்வளவுதான்.

தினமும் காலையில் முதல் வேலை, எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்ப்பது. இரண்டாவது வேலை, சூட்டை அளக்கும் உணரியை ஒரு தம்ளர் வெந்நீரில் முக்கி சைரன் அலறுகிறதா என்று பார்ப்பது. மூன்றாவது வேலை, மற்றவர்களைத் திட்டுவது.

முதலாளியின் மாப்பிள்ளை ஆறு மாதக் கணினிப் படிப்பும் அதற்கான சான்றிதழும் கையுமாக வந்து சேர்ந்தார். சான்றிதழைச் சட்டம் போட்டு அலுவலகச் சுவரில் மாட்டிய கையோடு அந்தக் குட்டிப் பக்கத்தைப் பார்த்தார்.

"என்னக்கா இது, கறுப்பு வெள்ளையில? கலர் கலரா கிராஃப் வேணாமா? குஞ்சு வாங்குறவங்க வந்தா டிவியில காட்டலாம்ல?"

"முட்டை பொரியறதுக்கு கலர் தேவையில்ல மாப்பிள்ளை சார். முப்பத்தேழரை டிகிரி போதும்."

"இதுலயே கலர் திரையோட ஒரு டெஸ்க்டாப் போட்டா எல்லாருக்கும் வசதி."

"போடலாமே. முட்டையை எடுத்துட்டு உங்க டெஸ்க்டாப்பை அடைகாக்கலாம்."

நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் காது சிவந்தது. அவளுக்கு அது வெல்லமாக இனித்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தங்கைக்கு அறுவை சிகிச்சை என்று அவள் மூன்று நாள் விடுப்பில் போனாள். நாலாம் நாள் காலை வாசலில் கால் வைத்ததுமே துப்புரவு செய்கிற பெண் ஓடிவந்தாள்.

"அக்கா, நேத்து மத்தியானம் ரெண்டாம் ரூம்ல விசிறி பெல்ட் அறுந்துபோச்சு. தரை துடைக்கப் போனவ மூஞ்சியில அனல் அடிச்சுது. அப்புறந்தான் ஓடிப்போய் ஹீட்டரை நிறுத்தினேன். எத்தனை மணி நேரம் வெந்துச்சோ தெரியல."

"சைரன்?"

"மூச்சுவிடல."

பெல்ட் அறுவது புதிதல்ல. அறுந்தால் ஓடிவரத்தானே சைரன். கணினியைத் திறந்தாள். கார்டு நூற்றுக்கு நூறு நிரம்பியிருந்தது. அளவுப் பதிவின் கடைசி வரி முந்தாநாள் மாலை நாலு பத்துக்கு நின்றிருந்தது. அசிங்கம் என்று அவளுடைய குட்டிப் பக்கத்தைக் கழற்றிவிட்டு, டெஸ்க்டாப்பை இறக்கி, கிட்டத்தட்ட இரண்டு ஜிபி பிடிக்கும் என்று அது சொன்னதைப் படிக்காமல் மாப்பிள்ளை ஒய் அடித்திருக்கிறார். இறக்கிய பொதிகளும் சேர்ந்து இடத்தைப் பிடிக்க, பாதி வழியில் இடம் தீர்ந்து அப்படியே விழுந்துவிட்டது. மனுஷன் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

"கார்டுதான் பழசு," என்றார் மாப்பிள்ளை. "அறுபத்து நாலு ஜிபி வாங்கிரலாம்."

"வாங்கி? அதையும் நிரப்பவா?"

துளி இடம் இல்லாதபோது ஒன்றை நீக்கக்கூட முடியாது, நீக்குவதற்கும் அது எதையாவது எழுதியாக வேண்டும். முதலில் இறக்கிவந்த பொதிகளைத் துடைத்தாள். அறுநூறு எம்பி மூச்சு வந்தது. அரைகுறையாக நின்றதைச் சரிக்கட்டி, டெஸ்க்டாப்பை வேரோடு பிடுங்கினாள். இனி யாருக்கும் தேவைப்படாதவை என்று அது ஒரு பட்டியல் நீட்டியது.

"ஒய் அடிங்கக்கா, சீக்கிரம்," என்றார் மாப்பிள்ளை.

"திருந்தவே மாட்டீங்களா?"

பட்டியலின் பதினோராவது வரியில் உணரியின் அளவைப் படிக்க அவள் நிரலுக்கு வேண்டிய நிரல் நூலகம் உட்கார்ந்திருந்தது. கழற்றப்பட்ட குட்டிப் பக்கத்தோடு தொற்றிக்கொண்டு வந்தது என்பதால் அதற்கு நாதியில்லை என்று கணினி முடிவுகட்டியிருந்தது. இது நான் கேட்டு வைத்தது என்று அவள் குறித்துவைத்த பிறகுதான் மற்றவற்றுக்கு ஒய் அடித்தாள். நிரலை ஓடவிட்டு உணரியை வெந்நீரில் முக்கினாள். சைரன் அலறியது.

பிறகு முட்டைகளை ஒவ்வொன்றாக விளக்கொளியில் பிடித்துப் பார்த்தார்கள். பத்தாம் நாள் முட்டை. உயிருள்ளதில் நரம்புகள் பரவி, நடுவில் ஒன்று துள்ளும். மேல்தட்டுகளில் எதுவும் துள்ளவில்லை. பாதிக்கு மேல் போய்விட்டது. எரிச்சலை எல்லாம் அவள் மாப்பிள்ளை மேல் கொட்டினாள். முதலாளி, கணக்குப்பிள்ளை, துப்புரவுப் பெண் எல்லோரும் நிற்க, சான்றிதழிலிருந்து செருப்புவரை மாப்பிள்ளையின் எதையும் அவள் விடவில்லை. படிக்கத் தெரியாதவருக்கு எவன் சான்றிதழ் கொடுத்தான் என்று கேட்டாள். சுவரில் மாட்டிய சட்டத்துக்குப் பின்னால் பல்லியாவது குடியிருக்கும், இவர் தலைக்குள் அதுவும் இல்லை என்றாள். மாப்பிள்ளை தரையைப் பார்த்தபடி நின்றார்.

முதலாளி மருமகனை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. "இனிமே மெஷின் ரூம் பக்கம் வராதீங்க. அம்மா, நம்ம மூணு கிளை மெஷினையும் இனிமே நீ பாத்துக்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

கஞ்சக்கா கணினியின் முன்னால் அரசி மாதிரி உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் வாசலில் நிழல் தட்டியது. உள்ளே கால் வைக்காமல் மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார்.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா?"

"இன்னும் என்ன?"

"கார்டு நிரம்பினா பதிவு எழுத முடியாது, சரி. அது என் தப்புதான். ஆனா சைரன் அடிக்க எதுக்கு கார்டுல இடம்?"

போய்யா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டு, தன் நிரலைத் திறந்தாள். ஐந்து வருடமாகத் திறந்து பார்க்காத முப்பது வரி. அளவை எடு. கார்டில் எழுது. எல்லை தாண்டியதா பார். தாண்டினால் சைரன் அடி. எழுத முடியவில்லை என்றால் இரண்டாவது படியிலேயே நிரல் செத்துவிடும், சைரன் பக்கம் போகவே போகாது. மறுபடி எழுப்பினாலும் அதே படியில் சாகும். சூட்டைப் பார்த்து சைரன் அடித்துவிட்டு, பிறகு எழுதச் சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? வரியும் கூடியிருக்காது, எம்பியும் கூடியிருக்காது. ஊரார் பட்டியலை எல்லாம் வரி வரியாகப் படித்த மகராசி, தான் எழுதியதைப் படிக்கவில்லை.

மாப்பிள்ளை இன்னும் பதிலுக்காகத்தான் நின்றார். அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. ஏதோ நாலு வார்த்தை இங்கிலீஷில் அடித்துவிட்டால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார் என்பது அவளுக்குத் தெரியும்.

சைரன் வரிகள் இரண்டையும் கார்டில் எழுதும் வரிக்கு மேலே ஏற்றிச் சேமித்தாள். எழுந்தாள்.

"உங்க மாமனார் ரூம்ல இருக்காரா?"

"இருக்கார். கணக்குப்பிள்ளையும் இருக்கார். ஏன்க்கா?"

"துப்புரவு பண்ற பொண்ணையும் கூப்பிடுங்க. நான் பேசினப்போ யார் யார் நின்னாங்களோ அத்தனை பேரும் வரணும்," என்றாள். "சைரன் வாயைக் கட்டினது நான்தான்."