ஆறாவது துளை

பட்டறைக்காரர் பேய்க்குப் பயப்படுகிறவர் அல்லர். ஆனாலும் தங்கை புருஷன் தவறிப்போனபிறகு பட்டறையில் தனியாக இருக்கும்போதெல்லாம் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டார். இசைமேல் திடீரென்று பிறந்த காதல் என்று வீட்டில் விளக்கமும் கொடுத்தார்.

பட்டறையில் நின்றது அவரும் அந்த மாப்பிள்ளையும் சேர்ந்து செய்த விதைப்பு இயந்திரம். தள்ளினால் சக்கரம் உருளும்; சங்கிலி வழியாக விதைத்தட்டு சுற்றும்; தட்டின் துளைகளில் உட்காரும் மக்காச்சோளம் ஒவ்வொன்றாக மண்ணில் விழும். விதைக்கு விதை இடைவெளியை எப்படி மாற்றுவது என்று இரு மேதைகளும் வாரக்கணக்கில் முறைத்துக்கொண்டார்கள். பல்சக்கரத்தை மாற்றலாம் என்றார் இவர்.

"எண்ணெய்க் கையோட வயல்ல சங்கிலி கழட்டுவாங்களா மச்சான்? சக்கரம் ஒரு சுத்து, தட்டு ஒரு சுத்து. துளை எண்ணிக்கை வேற வேணும்னா வேற தட்டு. தீர்ந்தது."

சொன்ன மாப்பிள்ளைதான் ஜெயித்தார். நாலடி சுற்றளவுச் சக்கரம், ஆறு துளை, எட்டு அங்குலத்துக்கு ஒரு விதை. ஐந்தாவது துளை போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

துளைபோடும் மிஷினில் அவர் மாட்டியிருந்த பிட்டைப் பட்டறைக்காரர் துணியால் பிடித்துக் கழற்றி டப்பாவில் போட்டு மூடினார். ஆறாவது துளையை வேறு பிட்டால் போட்டார். ஓட்டிப் பார்க்கவில்லை. தட்டை மாட்டியபோதே சங்கிலி எழுப்பிய சத்தம் மாப்பிள்ளையின் வறட்டு இருமல் மாதிரியே இருந்தது.

இப்போது தங்கையின் வயல். சாயங்காலத்துக்குள் ஈரம் போய்விடும். நாலு வரிசை ஓட்டிவிட்டு அவள் மண்ணைக் கிளறிப் பார்த்தாள். ஐந்து விதை, ஒரு காலி. மறுபடி ஐந்து, ஒரு காலி.

"அவன்தான்," என்றார் பட்டறைக்காரர், முகம் வெளுத்து. "அவன் பங்கை எடுத்துக்கறான்."

"அண்ணே, கல்யாணத்துக்கே லேட்டா வந்த மனுஷன். செத்தப்புறம் நாலடிக்கு ஒருதரம் தவறாம வர்றாராக்கும்! சக்கரம் சறுக்கினா அங்கங்க விடும். இது சுத்துக்கு ஒண்ணு. தட்டைக் கழட்டு."

கழற்றினார். ஒரு பெரிய மக்காச்சோள மணியை எடுத்து அவள் துளைத்துளையாக வைத்தாள். ஐந்தில் உட்கார்ந்தது. ஆறாவதில் விளிம்பிலேயே நின்றது.

"இதை எதால போட்ட?"

"வேற பிட்டு. பார்க்க ஒண்ணாத்தான் தெரிஞ்சுது."

"அவரோடது என்னாச்சு?"

அவர் தட்டோடு பட்டறைக்கு நடந்தார். டப்பாவைத் திறந்து, இம்முறை துணியில்லாமல் எடுத்தார். பிட் சில்லென்றிருந்தது. அதைக்கொண்டே ஆறாவது துளையைப் பெரிதாக்கினார்.

மறுபடி ஓட்டியபோது ஆறும் விழுந்தது. வயல் முடிந்ததும் தங்கை முதல் நாலு வரிசைக்குத் திரும்பி, காலி இடங்களில் விரலால் குழியிட்டு விதை போட்டாள். கடைசி இடத்தில் கை நின்றது.

"இது ஒண்ணு இருக்கட்டும்ணே."

ஒரு செடி நஷ்டம். பட்டறைக்காரர் ஆட்சேபிக்கவில்லை.

வரப்போரம் சும்மா நின்ற இயந்திரத்தில் சங்கிலி ஒருமுறை இருமியது.

"காத்து," என்றார் அவர். காற்று இல்லை.