நாலாவது வரி

இலங்கை மலைநாட்டுல நோர்வூட்டுக்கு மேல இருக்கிற பழைய தோட்டத்து பங்களா ஒன்னு இப்ப ஹோட்டல். வர்ற வெள்ளைக்காரங்களுக்குத் தேயிலைக் கொழுந்து எடுக்கிறது எப்படின்னு காட்ட என்னைக் கூப்பிட்டாங்க. தோட்டத்துல கொழுந்து எடுத்துப் பென்ஷன் வாங்கி உட்கார்ந்திருந்த எனக்கு மறுபடி வேலை. பெருமையா இருந்துச்சு, மறைக்கல.

சேர்றதுக்கு முதல் நாள் காலையில மருமக போனுக்கு ஹோட்டல் மேனேஜர் ஈமெயில் போட்டிருந்தாரு. எத்தனை மணிக்கு வருவேன்னு எழுதணும். அடையாள அட்டை, பேங்க் புத்தகம், கிராம சேவகர் கடிதம் எல்லாம் ஒரிஜினலா ஆபீஸ்ல ஒப்படைக்கணும்.

ஒப்படைக்கிறதா? எங்க அம்மாவோட பிறப்புப் பத்திரத்தை அந்தக் காலத்துல ஒரு ஆபீஸ்ல குடுத்தோம். திரும்பி வரவே இல்ல. பத்திரம் இல்லாம அவங்க பிரஜாவுரிமைக்கு எத்தனை வாசல் ஏறினாங்கன்னு கூடவே நடந்த எனக்குத்தான் தெரியும். அதுக்கப்புறம் என் பெட்டியில இருக்கிற பத்திரம் எதுவும் என் கையை விட்டுப் போனதில்ல.

மருமகளை உட்கார வச்சு நாலு விஷயம் சொன்னேன். நாளைக்கு வர்றேன். எட்டரைக்கே வந்துருவேன். கேட்ட மூணு பத்திரமும் கொண்டு வர்றேன். ஒரிஜினலைப் பார்த்துட்டுக் கையிலயே குடுத்துரணும், போட்டோகாப்பியை வச்சுக்கலாம்.

அவ இங்கிலீஷ்ல தட்டிட்டு, "சரி அத்தை, அனுப்பட்டுமா?"ன்னா.

"காட்டு பார்ப்போம்."

"இங்கிலீஷ் படிப்பீங்களோ?"

"எண்ணுவேன்."

வணக்கத்தையும் பேரையும் விட்டுட்டு எண்ணினேன். மூணு வரிதான்.

"நாலாவது எங்க?"

அவ தலையைச் சொறிஞ்சா. "சேரும் முன்னாலயே மேனேஜர் தொரைக்குச் சட்டம் போடுறீங்க அத்தை. வேற ஆளைக் கூப்பிட்டுக்குவாரு. அப்புறம் அடுப்படியில நீங்களும் நானும்தான் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு இருக்கணும்."

"உன் மூஞ்சி நல்லாத்தான் இருக்கு. எழுது."

எழுதினா. நாலு வரி. அனுப்பினா.

அப்புறம் அடுப்பு மூட்டினேன், துணி துவைச்சேன், போனை மட்டும் பார்க்கல. அவதான் பத்து தடவை பார்த்தா. வேலை போயிருமோன்னு எனக்கும் உள்ளுக்குள்ள இருந்துச்சு. ஆனா அந்த வரி இல்லாம போயிருந்தா பங்களா வாசல்லயே பத்திரத்தைக் குடுக்காம திரும்பியிருப்பேன்.

சாயங்காலம் பதில். மருமக தமிழ்ல மாத்திச் சத்தமா வாசிச்சா. "நல்லது அம்மா. ஒரிஜினலைப் பார்த்துட்டு உங்க முன்னாலயே காப்பி எடுத்துட்டுத் தந்துருவோம். ஒன்பதுக்கு வந்தாலே போதும்."

"எட்டரைன்னு சொல்லிட்டேன், எட்டரைதான்."

மறுநாள் எட்டரைக்கு முன்னாலயே வாசல்ல நின்னேன். காப்பி மெஷின்ல மூணு பத்திரத்தையும் வச்சு எடுத்து மேனேஜர் ஒவ்வொன்னா என் கையில தந்தாரு. எண்ணி ரவிக்கைக்குள்ள வச்சேன். அவர் சிரிச்சாரு, நானும் சிரிச்சேன். அப்புறம் கொழுந்துக் கூடையைக் கேட்டேன்.