முப்பது பேர் பார்க்கும்போது

இரண்டாயிரத்தைத் தாண்டிய புதிதில், செங்கல்பட்டில் ஒரு பெண்கள் பள்ளியில் மாணவிகளுக்கு ஆலோசகராகச் சேர்ந்தேன். வயது இருபத்தாறு, வாய் மட்டும் எண்பது. வாரத்துக்கு ஒரு பீரியட் கொடுத்திருந்தார்கள். பத்தாம் வகுப்பை மாமல்லபுரத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்றதும், "ஒருத்திக்கு முட்டி சிராய்ச்சாலும் உங்க பீரியட கணக்குக்குக் கொடுத்துடுவேன்" என்றார் தலைமையாசிரியை.

நான் உஷாராகத்தான் இருந்தேன். முதல் நாளே ஆளுக்கொரு தாள் கொடுத்து, பாசி பிடித்த பாறையில் ஏறுவாயா என்று எழுதச் சொன்னேன். படாளத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஒருத்தி, மாட்டேன் என்பதற்கு மூன்று காரணம் எழுதியிருந்தாள்: வழுக்கும், அலை இழுக்கும், அம்மா தோலை உரிப்பாள். படித்துவிட்டு எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் கடற்கரையில் சுண்டல் வாங்கிக்கொண்டு திரும்புகிறேன். அலையைத் தடுக்கக் கொட்டியிருந்த கருங்கற்களின் மேல், தாவணியை இடுப்பில் செருகிக்கொண்டு அதே மூன்று காரணக்காரி போய்க்கொண்டிருக்கிறாள். கரையில் மற்றவர்கள் கைதட்டுகிறார்கள்.

"இன்னும் ஒரு கல்லு போடி, அவ்ளோதான்."

"இறங்குடி கீழே" என்று கத்தினேன். அவள் திரும்பி, என்னை விட்டுவிட்டு அவர்களைப் பார்த்துச் சிரித்து, அடுத்த கல்லில் கால் வைத்தாள்.

நான் படித்ததெல்லாம் அப்போதுதான் புத்தியில் உறைத்தது. வீட்டுப் பிடியைத் தளர்த்தி, சமவயதுக் கூட்டத்தில் இடம் பிடித்து, தான் யார் என்று தேடுவதுதான் அந்த வயதின் வேலையே. மூளையில் ஆசையைத் தூண்டும் பகுதி அப்போது முந்திக்கொள்ளும். அடக்கிப் பிடிக்கும் பகுதி இருபதைத் தாண்டித்தான் முழுதாகத் தேறும். ஆபத்து தெரியாமல் இல்லை. தோழிகள் பார்க்கும்போது கைதட்டல் அதைவிடப் பெரிதாகிவிடும். என் கத்தல் அந்தக் கைதட்டலோடுதான் சேர்ந்தது.

கழுத்திலிருந்த கேமராவைத் தூக்கினேன். "குரூப் போட்டோ. ஒரே ஒரு ஃபிலிம்தான் பாக்கி."

மொத்தக் கூட்டமும் என் பக்கம் ஓடிவந்தது. கல்லின் மேல் அவள் மட்டும்.

"மிஸ், நானும்."

"உக்காந்து உக்காந்து மெதுவா வா. நீ வராம எடுக்க மாட்டேன்."

பின்பக்கம் தேயத் தேய வந்து சேர்ந்தாள். ஒரு சிராய்ப்பு இல்லை. ஃபிலிம் காலையிலேயே தீர்ந்துவிட்டது என்று சொன்னதும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். நானும்தான், கண்ணில் நீர் வரும் அளவுக்கு.

"மூணு காரணம் எழுதினியேடி, அப்புறம் ஏன் போன?"

"தனியா இருந்தா போவனா மிஸ்? அவளுங்க பாத்துகினு இருந்தாளுங்க."

"மிஸ், ஏமாத்துனதுக்கு நீங்க ஒரு கல்லு ஏறுங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கைதட்டல் ஆரம்பித்தது. முப்பது பேரும் என்னையே பார்த்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு சுகமாக இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டேன்.

யாரோ என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள். படாளத்துக்காரிதான்.

"வேணாம் மிஸ், வழுக்கும்."